640 படத்தில் 12: டூர் போய் வந்த பிறகு எதை வைப்பது, எதை விடுவது?

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிலும், வல்லம், ஒரகடம் பக்கத்து ஆலைகளிலும் வேலை பார்க்கும் இளைஞர்களுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால், வேன் பிடித்து எங்காவது கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஏலகிரி, ஏற்காடு, புதுச்சேரி. திரும்பி வந்த மறுநாளே ஷிஃப்ட். அந்த வாரம் முழுக்க அறையில் ஒரே பேச்சு: "அண்ணே, அந்த போட்டோவ அனுப்புங்க." "எது?" "அதான், போட்டிங்ல எடுத்தது." தேடினால் போட்டிங்கில் எடுத்தது மட்டும் நாற்பது இருக்கும்.

இரண்டு வாரம் போனால் யாரும் கேட்பதில்லை. படங்கள் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் சொல்லும்போது, அவசரத்தில் மொத்தமாக அழிப்பார்கள். அல்லது போன் தண்ணீரில் விழும், திருடு போகும், மாற்றப்படும். நூற்றுக்கணக்கில் எடுத்த படங்களில் ஒன்றுகூட மிஞ்சாமல் போவது இப்படித்தான்.

இதற்குக் காரணம் அதிகம் எடுத்தது அல்ல. எடுத்த பிறகு பொறுக்கவில்லை என்பதுதான். அந்தப் பொறுக்கும் வேலையை எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தவறும் என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம்.

'ஓகே பீஸ்' எல்லாம் வேண்டியதில்லை

ஆலையில் வேலை செய்பவர்களுக்குத் தரப் பரிசோதனை பழகிய விஷயம். லைனில் வரும் பொருளைப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் ஓகே, குறை இருந்தால் ரிஜெக்ட். ஓகே ஆனது எல்லாமே பெட்டிக்குள் போகும்.

போட்டோ பொறுக்கும்போது பெரும்பாலானோர் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். மங்கலானது, கண்மூடியது, விரல் மறைத்தது ஆகியவற்றை அழித்துவிட்டு, மீதியை வைத்துக்கொள்கிறார்கள். 640 படத்தில் 150 போகும். 490 மிஞ்சும். 490 படங்களை யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. ஆக, வேலை நடந்தது போலத் தோன்றும், பயன் இருக்காது.

படம் பொறுக்குவது தரப் பரிசோதனை அல்ல. ஒரே காட்சியை எடுத்த பத்துப் படமும் ஓகேவாக இருக்கலாம். ஆனாலும் ஒன்றுதான் உள்ளே போக வேண்டும். அதாவது, நல்ல படத்தையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது; அதைவிட நல்லது பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. கடினமான பகுதி இதுதான். பலர் நின்றுவிடுவதும் இங்கேதான்.

முன்பு இந்த வேலையைச் செலவே செய்தது

பொறுக்கும் வேலை புதிதல்ல. அது நடக்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1855-ல் பர்மாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் தூதுக் குழுவுடன் புகைப்படக்காரராகப் போனார். அப்போது பிலிம் கிடையாது. ரசாயனம் பூசிய பெரிய காகிதமே நெகட்டிவ். ஒவ்வொரு படத்துக்கும் காகிதத்தைத் தயார் செய்து, பெரிய கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, பிறகு கழுவி எடுக்க வேண்டும். அதனால் எங்கே நிற்பது, எதை எடுப்பது என்பதெல்லாம் கேமராவைத் திறக்கும் முன்பே முடிவாகிவிடும். பல வாரப் பயணத்தில் அவர் எடுத்தது 200-க்குச் சற்று அதிகமான படங்கள். பெங்களூருக்குத் திரும்பியதும் அவற்றிலும் பொறுக்கி, 120 படங்கள் கொண்ட தொகுப்பாக 50 பிரதிகள் தயாரித்தார். அடுத்து சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகி, 1857 முடிவிலும் 1858-லும் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் கோயில்களை எடுத்தவரும் இவர்தான்.

அடுத்த நூறாண்டில் கேமரா சட்டைப்பை அளவுக்குச் சுருங்கியது, பிலிம் ரோல் வந்தது. இப்போது அதிகம் எடுக்க முடிந்தது. அதனால் தேர்வு, எடுத்த பிறகு செய்யும் வேலையானது. இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, சுவிட்சர்லாந்தில் பிறந்த புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க். 1955, 56-ம் ஆண்டுகளில் அவர் அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். 767 பிலிம் ரோல்கள், சுமார் 27,000 படங்கள். அதில் ஏறக்குறைய ஆயிரத்தைப் பிரிண்ட் போட்டு, சுவரில் ஒட்டியும் தரையில் பரப்பியும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அவருடைய புத்தகம் 1958-ல் பாரிஸிலும் 1959-ல் அமெரிக்காவிலும் வெளியானபோது அதில் இருந்தவை 83 படங்கள். ஏறத்தாழ 325-க்கு ஒன்று.

நம் வீடுகளில் இந்த வேலையைப் பணமே செய்தது. 36 படம் எடுக்கும் ரோல் ஒன்று வாங்கினால், ஊட்டி டூர் முழுக்க அதற்குள் அடக்க வேண்டும். "சும்மா சும்மா அமுக்காத, ரோல் தீந்துடும்" என்று அப்பா அதட்டுவார். கழுவிப் பிரிண்ட் போட மறுபடியும் செலவு. அதனால்தான் பழைய ஆல்பத்தில் ஒரு டூருக்கு இருபது, முப்பது படம் மட்டும் இருக்கிறது. அதனால்தான் அதை இன்றும் புரட்ட முடிகிறது.

போன் கேமராவில் ஒரு படத்துக்குச் செலவே இல்லை. எடுக்கும் முன் யோசிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பின்னால் யோசிக்கும் பழக்கமோ இன்னும் வரவில்லை. இடையில் மாட்டிக்கொண்டு கிடப்பவைதான் கேலரியில் உள்ள ஆயிரக்கணக்கான படங்கள்.

ஒரு கணக்கு: எட்டுப் பேர், ஏலகிரி, 640 படம்

பிள்ளைப்பாக்கத்தில் ஒரே லைனில் வேலை செய்யும் எட்டுப் பேர் ஒரு வேனில் ஏலகிரி போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர் தாண்டி, ஆம்பூரில் பிரியாணி. பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மலை உச்சி. புங்கனூர் ஏரியில் படகு. மறுநாள் காலை சுவாமிமலை ஏற்றம். ஒருவருக்குச் சராசரியாக 80 படம் என்றால், மொத்தம் 640. வீடியோக்களைத் தனியாக வைத்துவிடலாம்.

முதலில் எல்லாப் படங்களும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். பலர் தடுமாறும் இடம் இது. வாட்ஸ்அப் குழுவில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும். நீளப் பக்கம் சுமார் 1,600 பிக்சலாகக் குறைந்துவிடும். போனில் பார்க்கவும், அஞ்சலட்டை அளவு பிரிண்ட் போடவும் அது போதும். சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் உடைந்து தெரியும்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. படத்துடன் சேர்ந்திருக்கும், எடுத்த நேரம் பற்றிய தகவலும் வாட்ஸ்அப்பில் போகும்போது நீங்கிவிடும். ஆண்ட்ராய்டு போனில் வந்து சேரும் படத்தின் பெயர் `IMG-20250119-WA0012` என்பது போல இருக்கும். அதிலுள்ள தேதி படம் வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி அல்ல. எட்டுப் போன்களின் படங்களையும் நேர வரிசையில் அடுக்கினால்தான் ஒரே காட்சியின் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். நேரம் தொலைந்தால் படகுச் சவாரிக்கு நடுவில் பிரியாணி வரும்.

எனவே வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்ப வேண்டும். அப்போது படம் அப்படியே போகும். எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் `Quick Share` வழியாகப் போனுக்குப் போன் மாற்றலாம். கூகுள் போட்டோஸ் பயன்படுத்துபவர்கள் ஒரு பொது ஆல்பம் திறந்து அதில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளலாம். பொறுக்கும் பொறுப்பை ஒருவரோ இருவரோ எடுத்துக்கொள்வது நல்லது. எட்டுப் பேரும் உட்கார்ந்தால் எட்டுப் பேருக்கும் அவரவர் முகம் நன்றாக இருக்கும் படம்தான் பிடிக்கும்.

எப்போது உட்காருவது? திரும்பி வரும் வேனிலேயே வேண்டாம். எடுத்த கையோடு பார்த்தால், படத்தில் இருப்பது தெரியாது. அதை எடுக்கப் பட்ட பாடுதான் தெரியும். மூச்சு வாங்க மலை ஏறி எடுத்த படம் என்பதால் அது நல்ல படம் ஆகிவிடாது. ஒரு வாரம் கழித்த வார விடுமுறை சரியான நேரம். ஒரு மாதம் தள்ளினால், பிறகு நடக்காது.

முதல் சுற்று: அரை மணி நேரம்

முதல் சுற்றில் ஒரு படத்துக்கு மூன்று நொடி. 640 படத்துக்கு 32 நிமிடம். பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம், யோசிக்க வேண்டாம்.

இந்தச் சுற்றில் அழிக்க வேண்டியவை சந்தேகமே இல்லாதவை மட்டும். காலையும் தரையையும் எடுத்தவை, பாக்கெட்டுக்குள் தானாக அமுங்கியவை, முழுக்கக் கலங்கியவை, ஸ்கிரீன்ஷாட்டுகள். லாட்ஜில் காட்டுவதற்காக எடுத்த ஆதார் அட்டைப் படங்களும் இந்தக் குவியலில் கலந்திருக்கும். யாருடையது என்று பார்த்து அவற்றை முதலில் நீக்க வேண்டும். பொது ஆல்பத்தில் அவை கிடக்கக் கூடாது.

அழிப்பதுடன் நிற்காமல், பார்த்ததும் மனதில் தங்கும் படத்துக்கு இதயக் குறியோ நட்சத்திரமோ போட்டுக்கொண்டே போக வேண்டும். பெரும்பாலான போன்களில் அவை `Favourites` என்ற தனி இடத்தில் சேரும். தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பலரின் வழி இது: வேண்டாததைத் தேடுவதைவிட வேண்டியதைத் தேடுவது. ஒவ்வொன்றையும் 'அழிக்கலாமா?' என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கிடைக்கும். 'எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டால், பெரும்பாலானவை பதிலின்றி நகர்ந்துவிடும்.

இரண்டாம் சுற்று: ஒரு காட்சிக்கு ஒரு படம்

நம் கணக்கில் 150 போய் 490 மிஞ்சியிருக்கிறது. நேர வரிசையில் பார்த்தால் இவை சுமார் 60 காட்சிகளாகப் பிரியும். வேன் கிளம்பும் முன் ஒரு கொத்து, ஆம்பூர் சாப்பாட்டில் ஒரு கொத்து, ஒன்பதாவது வளைவில் ஒரு கொத்து, ஏரியில் மூன்று கொத்து. ஒவ்வொரு கொத்திலும் ஒரே ஒரு படம் தேற வேண்டும்.

பத்துப் படத்தை ஒன்றாகப் பார்த்து முடிவெடுப்பது கஷ்டம். இரண்டிரண்டாகப் பார்ப்பது சுலபம். முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை ஜெயிக்க விட வேண்டும். ஜெயித்தது மூன்றாவதோடு மோதும். கடைசிவரை நிற்பது எதுவோ அதுவே அந்தக் காட்சியின் படம். கபடிப் போட்டியில் நாக் அவுட் சுற்று போலத்தான்.

எதைப் பார்த்து ஜெயிக்க விடுவது? முதலில் படத்தைச் சிறிதாக வைத்தே பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவில் பார்க்கும்போதும் இது என்ன காட்சி என்று புரிந்தால், அமைப்பு சரியாக இருக்கிறது. யார், என்ன என்று தேட வேண்டியிருந்தால், பெரிதாக்கினாலும் தேட வேண்டியிருக்கும். அடுத்து முகத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்க்க வேண்டும். போன் திரையில் கூர்மையாகத் தெரியும் பல படங்கள் உண்மையில் கூர்மையாக இருக்காது. கண்ணிமை முடி தனித்தனியாகத் தெரிந்தால் சரி. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. முகம் மங்கி, பின்னால் உள்ள மரம் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. கடைசியாக நான்கு ஓரங்களையும் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட கை, தலைக்குப் பின்னால் முளைத்த விளக்குக் கம்பம், ஓரத்தில் பாதி தெரியும் அந்நியர்.

குழுப் படத்தில் மட்டும் ஒரு தனிப் பிரச்சினை. "டேய், இன்னொன்னு எடுடா, நான் கண்ண மூடிட்டேன்" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். இதற்கு ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் இருந்த பியர்ஸ் பார்ன்ஸ், நிக் ஸ்வென்சன் ஆகியோர் ஒரு கணக்கே போட்டார்கள். இருபது பேருக்குள் இருந்தால், வெளிச்சம் நன்றாக உள்ளபோது ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்தும், வெளிச்சம் குறைவாக உள்ளபோது இரண்டால் வகுத்தும் அத்தனை படம் எடுத்தால், எல்லோரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றாவது கிடைத்துவிடும் என்பது அவர்கள் சொன்ன வழி. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் 'இக் நோபல்' விருது 2006-ல் கணிதப் பிரிவில் இவர்களுக்குக் கிடைத்தது.

நம் எட்டுப் பேருக்குப் பகலில் மூன்று படம், மாலையில் நான்கு படம் போதும். இருபது முப்பது தட்டத் தேவையில்லை. அந்த மூன்றில் கண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் தயங்காமல் விடலாம்.

கூர்மையைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் நேராக நின்று கேமராவைப் பார்க்கும் படம் தெளிவாக இருக்கும். அதற்கு இரண்டு நொடி கழித்து, யாரோ ஒருவர் ஏதோ சொல்ல எட்டுப் பேரும் குலுங்கிச் சிரிக்கும் படம் சற்று ஆடியிருக்கும். ஐந்து வருடம் கழித்து எதைத் தேடுவார்கள்? இரண்டாவதைத்தான். முகம் அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தால், அந்த லேசான ஆட்டத்தை மன்னித்துவிடலாம். அடையாளமே தெரியாவிட்டால் சிரிப்பும் தெரியாது.

மூன்றாம் சுற்று: அறுபதிலிருந்து பன்னிரண்டு

இப்போது 60 படங்கள், எல்லாமே நல்லவை. இதுவரை ஒரு படத்தை அதன் அண்டைப் படத்தோடு ஒப்பிட்டோம். இனி மொத்தத் தொகுப்பில் அதற்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும்.

அறுபதையும் சிறு கட்டங்களாகத் திரையில் பரப்பினால் ஒரு விஷயம் கண்ணில் படும். பாதிக்கு மேல் ஒரே மாதிரி: பின்னால் ஏரி அல்லது பள்ளத்தாக்கு, முன்னால் வரிசையாக ஆட்கள். பின்னணிதான் மாறுகிறது. அவை எல்லாம் சொல்வது ஒன்றே: 'நாங்கள் இங்கே வந்தோம்.' அதைச் சொல்ல இரண்டு படம் போதும்.

மீதி இடங்கள் வேறு வேலை செய்யும் படங்களுக்கு. ஆள் யாரும் பெரிதாகத் தெரியாமல் இடத்தைக் காட்டும் ஒன்று. வளைவில் திரும்பும் வேன் ஜன்னலில் எடுத்தது போல. வழியைச் சொல்லும் ஒன்று. ஆம்பூர் இலையில் பிரியாணியோ, அதிகாலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறும் முதல் ஆளோ. கேமராவைக் கவனிக்காத முகம் இரண்டு. சின்னப் பொருள் ஒன்று; சேறு அப்பிய செருப்புகளின் வரிசை. திட்டத்தில் இல்லாமல் நடந்தது ஒன்று; டயர் பஞ்சராகி சாலையோரம் நின்றது, மழையில் ஒரே தார்ப்பாய்க்குள் எட்டுப் பேர் ஒதுங்கியது. கடைசியில், திரும்பும் வழியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவது.

ஒவ்வொரு படத்தையும் கையால் மறைத்துப் பார்த்து, 'இது இல்லையென்றால் எது குறையும்?' என்று கேட்க வேண்டும். குறைவதைச் சொல்ல முடிந்தால் அது இருக்கட்டும். 'நல்லாத்தானே இருக்கு' என்பது மட்டும் பதிலானால் அது போகட்டும். முதலில் 25-க்கு இறங்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்தால் 12-க்கு இறங்குவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது. பன்னிரண்டு என்பது சட்டம் இல்லை. ஆனால் முன்கூட்டியே ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அறுபதிலேயே நின்றுவிடும்.

எண்ணி முடித்ததும் ஆட்களை எண்ண வேண்டும்

பன்னிரண்டு தேறியதும் ஒரு சரிபார்ப்பு பாக்கி. எட்டுப் பேரும் குறைந்தது ஒரு படத்திலாவது முகம் தெரிய இருக்கிறார்களா?

பெரும்பாலும் ஒருவர் இருக்க மாட்டார். நன்றாகப் படம் எடுப்பார் என்று எல்லோரும் போனைக் கொடுத்தவர்தான் அவர். 640 படத்தில் அவர் நான்கில் இருந்திருப்பார். அந்த நான்கும் சுமாராக இருந்ததால் முதல் இரண்டு சுற்றிலேயே கழிந்திருக்கும். அந்தச் சுமாரான படம் தொகுப்புக்குள் திரும்பி வர வேண்டும். அழகான மலைக்காட்சி ஒன்று அதற்கு வழிவிடலாம். ஏலகிரி மலையின் நல்ல படம் தேடினால் எங்கும் கிடைக்கும். அந்த நண்பர் அங்கே நின்ற படம் வேறெங்கும் கிடைக்காது.

இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் இதற்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. இங்கே வேலை செய்பவர்களில் பலர் ஒப்பந்தக் கால ஊழியர்கள், பயிற்சிப் பணியாளர்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்குபவர்கள். காலம் முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். போன் எண் மாறும், வாட்ஸ்அப் குழு அடங்கிப்போகும். அந்த எட்டுப் பேரும் ஒன்றாக இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சப் போகிற சான்று இந்தப் பன்னிரண்டு படமாகத்தான் இருக்கும்.

ஸ்டேட்டஸில் போடும் முன் படத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இந்த வேலையின் பகுதியே. ஒருவருக்குப் பிடித்த படம் இன்னொருவரை வீட்டில் சங்கடத்தில் மாட்டிவிடலாம். ஆலை அடையாள அட்டை கழுத்தில் தொங்கி, பெயரும் எண்ணும் தெரிகிற படத்தைப் பொதுவெளியில் போடாமல் இருப்பது நல்லது.

மீதிப் படங்களை என்ன செய்வது?

பொறுக்குவது என்றால் மீதியை அழிப்பது என்று பொருள் அல்ல. முதல் சுற்றில் கழிந்த 150 மட்டும் போகட்டும். மற்ற 478 படங்களை ஒரு பென் டிரைவிலோ கணினியிலோ தனி ஃபோல்டராகப் போட்டு வைக்கலாம். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 640 படமும் சேர்ந்து சுமார் 2.5 ஜி.பி. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. ஒரே டூர் அதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு படமோ 50 எம்.பி.க்குள் அடங்கும்.

அழிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் காப்புப் பிரதி எடுக்கப்பட்ட படத்தை அந்தச் செயலிக்குள் அழித்தால், போனில் மட்டுமல்ல, கணக்கிலிருந்தும் போகும். 'மேல பேக்கப் இருக்குல்ல' என்று நம்பி அழித்து, இரண்டு இடத்திலும் இழப்பவர்கள் உண்டு. போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் `Free up space` என்பதைத்தான் தொட வேண்டும். தவறி அழித்தது, காப்புப் பிரதி எடுத்த படமாக இருந்தால் 60 நாள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும். ஐபோனின் `Recently Deleted` பகுதியில் 30 நாள். அதற்குள் மீட்கலாம்.

எங்கே பொறுக்கக் கூடாது?

எல்லாப் படத்துக்கும் இந்த முறை பொருந்தாது. இதற்கும் லின்னேயஸ் டிரைப்பிடமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அதில் அழகான துண்டு, அழகில்லாத துண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. நடுவில் ஒன்றை எடுத்தால் வாசகம் அறுந்துவிடும்.

பதிவுக்காக எடுத்தவை இந்த வகை. வாடகை வண்டியில் ஏற்கெனவே இருந்த கீறல், பில், விபத்து நடந்த இடம், பழைய குடும்ப ஆவணம் ஆகியவற்றில் ஒன்றையும் கழிக்கக் கூடாது. அவற்றைத் தனி ஃபோல்டரில் முழுதாக வைக்க வேண்டும். அவற்றை டூர் படங்களோடு கலக்காமல் இருந்தாலே பொறுக்கும் வேலை பாதி சுலபமாகும்.

கடைசியாக, தேறிய பன்னிரண்டையும் அஞ்சலட்டை அளவில், அதாவது 4-க்கு 6 அங்குலத்தில், பிரிண்ட் போட்டுவிடலாம். பின்புறம் தேதி, இடம், எட்டுப் பேரின் பெயர் ஆகியவற்றைப் பேனாவால் எழுதி ஆளுக்கொரு செட் கொடுத்தால், எட்டு வீட்டில் எட்டுப் பிரதி இருக்கும். ஒரு போன் உடைந்தால் தொலைந்துபோகும் நிலை அதன் பிறகு இல்லை.